வீட்டு கேக் பக்கத்துக்குத் தேடல் சொற்களும் ஹேஷ்டேக்குகளும்: காவேரிப்பட்டணத்து உதாரணத்தோடு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அண்ணி காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி போகும் வழியில், தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய ஊர். இன்ஸ்டாகிராம் பக்கம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் `#cakesofinstagram`, `#foodie`, `#yummy` என்று முப்பது ஹேஷ்டேக் வரை போட்டு வந்தார். லைக் வந்தது. ஆர்டர் மட்டும் தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள் சொல்லித்தான் வந்தது. பக்கத்தைப் பார்த்துக் கூப்பிட்ட புது ஆள் ஒருவர்கூட இல்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அந்தச் சொற்களை முழுக்க மாற்றினோம். என்ன செய்தோம், எந்த வரிசையில் செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். தர்மபுரி, பாலக்கோடு, ஊத்தங்கரை, ஓசூர் என எந்த ஊரில் இருந்து செய்பவருக்கும் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

## முதல் படி: வாட்ஸ்அப்பைத் திறங்கள்

தேடல் சொல் யோசிக்க உட்கார்ந்தால் மனதில் முதலில் வருவது கேக் செய்பவருடைய சொற்கள்தான். அண்ணியின் பக்கத்தில் ‘ஆர்டிசனல்’, ‘ஹேண்ட்கிராஃப்டட்’, ‘விப்பிங் கிரீம் ஃபிராஸ்டிங்’ எல்லாம் இருந்தன. இந்தச் சொற்களைச் சொல்லி அவரிடம் ஒருவர்கூட கேக் கேட்டதில்லை.

கேட்டவர்களின் சொற்கள் ஏற்கெனவே போனில் இருக்கின்றன. வாட்ஸ்அப் தேடல் பெட்டியில் முதலில் ‘கேக்’ என்றும், அடுத்து `cake` என்றும் போடுங்கள். வரும் உரையாடல்களில் கடைசி நாற்பது ஐம்பதை எடுத்து, ஒவ்வொருவரும் கேட்ட முதல் வாக்கியத்தை ஒரு நோட்டில் அப்படியே எழுதுங்கள். எழுத்துப்பிழையோடு எழுதுங்கள், திருத்த வேண்டாம். போனில் பேசி ஆர்டர் கொடுத்தவர்கள் முதலில் என்ன கேட்டார்கள் என்று நினைவிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் இப்படி வந்தது:

“அக்கா அரை கிலோ பிளாக் ஃபாரஸ்ட் எவ்ளோ?”
“முட்டை போடாம செஞ்சு தருவீங்களா?”
“பாப்பாவுக்கு ஃபர்ஸ்ட் பர்த்டே, போட்டோ வெச்ச கேக் வேணும்.”
“ஐஸ் கேக் இருக்கா?”
“கிருஷ்ணகிரி வரைக்கும் கொண்டு வந்து குடுப்பீங்களா?”
“ராகி கேக்ல மைதா சேர்ப்பீங்களா?”
“அப்பாவுக்கு சுகர், அவருக்கு ஏத்த மாதிரி ஏதாச்சும்?”

இந்த ஏழு வரிகளே நிறையச் சொல்லிவிடுகின்றன. அண்ணி ‘ஃபிரெஷ் கிரீம் கேக்’ என்று எழுதுவதை ஊரில் பலர் ‘ஐஸ் கேக்’ என்கிறார்கள். பாக்கெட்டில் ‘கேழ்வரகு’ என்று அச்சடித்திருந்தாலும் எங்கள் பக்கம் வாயில் வருவது ‘ராகி’. தட்டையை ‘நிப்பட்’ என்று சொல்லும் ஊர் இது. நீங்கள் கேக்கோடு காரமும் போடுகிறீர்கள் என்றால் நிப்பட் என்ற சொல் உங்கள் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். வெளியூர் ஆர்டரும் எடுப்பதாக இருந்தால் பக்கத்தில் தட்டை என்றும் எழுதுங்கள்.

## இரண்டாம் படி: நான்கு பத்தியாகப் பிரியுங்கள்

நோட்டில் ஒரு புதுப் பக்கத்தில் நான்கு கோடு போட்டு பொருள், நிகழ்வு, தேவை, ஊர் என்று தலைப்பு எழுதுங்கள். மேலே உள்ள வரிகளை உடைத்து அதில் போடுங்கள்.

பொருளில் பிளாக் ஃபாரஸ்ட், ஐஸ் கேக், போட்டோ கேக், ராகி கேக் வரும். நிகழ்வில் பிறந்தநாள், முதல் பிறந்தநாள், கல்யாண நாள், வளைகாப்பு. தேவையில் முட்டை இல்லாமல், மைதா இல்லாமல், அரை கிலோ, வீட்டில் செய்தது, நாளைக்கே வேண்டும். ஊர்ப் பத்தியில் நீங்கள் உண்மையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கும் ஊர்களை மட்டும் எழுதுங்கள். அண்ணிக்கு அது காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, காரிமங்கலம். ஓசூரில் ஆர்டர் அதிகம் வரும் என்று அதையும் சேர்க்க ஆசைப்பட்டார். கிரீம் கேக்கை வெயிலில் ஓசூர் வரை எடுத்துப் போக வழியில்லை என்பதால் விட்டுவிட்டோம். கொடுக்க முடியாத ஊரின் பெயரைப் போட்டால் வரும் அழைப்புகளுக்கெல்லாம் ‘இல்லைங்க’ என்று சொல்லியே பொழுது போய்விடும்.

இப்போது பத்திகளைக் கோர்த்துப் பாருங்கள். ஒரு தேவை, ஒரு நிகழ்வு, ஒரு பொருள், ஒரு ஊர்: ‘முட்டை இல்லாத பிறந்தநாள் கேக் கிருஷ்ணகிரி’. கோர்த்ததை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு மனிதர் அவசரத்தில் போனில் தட்டக்கூடிய மாதிரி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ‘அரை கிலோ ராகி வளைகாப்பு கேக் காரிமங்கலம்’ என்று யாரும் தேடப் போவதில்லை. எங்களுக்கு இருபத்தைந்து கோர்வை கிடைத்தது.

ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் பேசுபவர்களும் தேடும்போது பெரும்பாலும் `eggless birthday cake in krishnagiri` என்றுதான் தட்டுகிறார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்களும் நிறைய. அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது அந்த ஆங்கில எழுத்துதான்.

## மூன்றாம் படி: ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

போனில் குரோமைத் திறந்து, மறைநிலைச் சன்னலில் கூகுளுக்குப் போங்கள். வழக்கமான சன்னலில் தேடினால் நீங்கள் அடிக்கடி பார்க்கும் உங்கள் பக்கமே மேலே வந்து ஏமாற்றும். `eggless cake k` என்று தட்டி நிறுத்துங்கள். கீழே கூகுள் காட்டும் பரிந்துரைகள் மற்றவர்கள் தேடியவற்றிலிருந்து வருபவை. உங்கள் கோர்வை அங்கே வந்தால் பக்கத்தில் ஒரு டிக் போடுங்கள். வராவிட்டால் உடனே அடித்துவிட வேண்டாம். சின்ன ஊர்ப் பெயர்களுக்குப் பரிந்துரை வருவதே குறைவு.

அடுத்து, தேடலை முழுதாகச் செய்து என்ன வருகிறது என்று பாருங்கள். மூன்று விதமாக வரும்.

மேலே வரைபடமும் கடைகளும் வந்தால், தேடுபவர் வாங்க நினைக்கிறார் என்று கூகுள் புரிந்துகொண்டிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைவிட, கூகுள் வரைபடத்தில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் கணக்குதான் கைகொடுக்கும். இன்ஸ்டாகிராம் பக்கங்களும் ரீல்களும் வந்தால், அங்கே உங்கள் பக்கமும் இடம் பிடிக்க வாய்ப்பு உண்டு. சமையல் குறிப்பும் யூடியூப் வீடியோவும் வரிசையாக வந்தால், தேடுபவர் தானே செய்யப் போகிறார். அவர் உங்களிடம் வாங்க வரவில்லை.

`ragi cake` என்று தேடியபோது எங்களுக்குக் குறிப்புகள்தான் வந்தன. அண்ணி அதுவரை ராகி கேக் படம் எல்லாவற்றுக்கும் ஊர்ப்பெயர் சேர்க்காமல் `#ragicake` என்றே போட்டிருந்தார். அந்த டேகில் அவர் படம் சமையல் குறிப்பு தேடுபவர்கள் நடுவே கிடந்தது. பின்னால் ஊரைச் சேர்த்து `ragi cake krishnagiri` என்று தேடினோம், கடைகள் வந்தன. ஒரே ஒரு ஊர்ப்பெயர் சேர்ந்ததும் தேடுபவரே மாறிவிட்டார். இப்படிச் சோதித்ததில் இருபத்தைந்து கோர்வையில் ஒன்பது மிஞ்சியது. நிஜத்தில் ஒரு வீட்டு பேக்கரிக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

கூகுள் டிரெண்ட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர்ப்பெயரோடு சேர்த்துப் போட்டால் தரவு போதாது என்று அது கைவிரித்துவிடும். தமிழ்நாடு என்று வைத்துக்கொண்டு இரண்டு சொற்களில் எது அதிகம் தேடப்படுகிறது, எந்த மாதத்தில் ஏறுகிறது என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

## ஊர்ப்பெயரில் ஒரு கண்ணி

எங்கள் பகுதி ஊர்ப்பெயர்கள் வேறு இடங்களிலும் இருக்கின்றன. இது தெரியாமல்தான் அண்ணியின் உழைப்பு நிறைய வீணானது.

`#kaveripattinam` போட்ட படங்களுக்கு வந்த லைக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல் பழைய வரலாறு, கோயில், கடல் படம் போடும் பக்கங்கள். பூம்புகாருக்கும் காவிரிப்பூம்பட்டினம் என்று பெயர் இருப்பதால் அதைப் பற்றி எழுதுபவர்களும் இதே டேகைப் போடுகிறார்கள். அந்த ஊர் எங்கே, எங்கள் ஊர் எங்கே!

தர்மபுரிக்காரர்களுக்கும் இதே சிக்கல். தெலங்கானாவில், ஜகித்யால் மாவட்டத்தில், கோதாவரிக் கரையில் ஒரு தர்மபுரி இருக்கிறது. அங்குள்ள லட்சுமி நரசிம்மர் கோயில் பெயர் பெற்றது. `#dharmapuri` டேகைத் திறந்தால் அந்தக் கோயில் படங்களும் சேர்ந்து வரும். கிருஷ்ணகிரி என்ற பெயரில் கேரளத்தில் வயநாட்டிலும் ஓர் இடம் உண்டு. அங்கே கிரிக்கெட் மைதானம் இருப்பதால் அந்தப் படங்களும் கலந்து கிடக்கும்.

அதனால் ஊர்ப்பெயரைத் தனியாக ஹேஷ்டேக் ஆக்காதீர்கள். பொருளோடு ஒட்டவையுங்கள்: `#krishnagiricakes`, `#homebakerdharmapuri`. தமிழ் எழுத்தில் `#கிருஷ்ணகிரி` என்று போட்டால் பெரும்பாலும் நம் மாவட்டத்து ஆட்களே இருப்பார்கள். தமிழில் டேக் தட்டும்போது முழுச் சொல்லும் நீலமாக மாறுகிறதா என்று பாருங்கள். நடுவில் இடைவெளியோ ஹைஃபனோ விழுந்தால் அந்த இடத்தோடு டேக் அறுந்துவிடும்.

இன்ஸ்டாகிராமில் படத்துக்கு மேலே வரும் இடக்குறிப்பு இதிலிருந்து வேறு. அதில் `Krishnagiri, Tamil Nadu` என்று மாநிலத்தோடு இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் குழப்பம் வராது. ஒவ்வொரு பதிவுக்கும் இதைப் போடுங்கள்.

எழுத்துக்கூட்டலும் கவனிக்க வேண்டியது. `Kaveripattinam`, `Kaveripattanam`, `Kaveripatnam` என மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒன்றைப் பக்கத்தின் பெயரில் வையுங்கள். மற்றவற்றை வெவ்வேறு பதிவுகளின் வாசகத்தில் மாற்றி மாற்றி எழுதுங்கள். ஒரே பதிவில் மூன்றையும் அடுக்கினால் படிப்பவருக்கு உறுத்தும்.

மாம்பழ சீசனில் இன்னொரு ஆசை வரும். கிருஷ்ணகிரி என்றாலே மாம்பழம்தானே என்று மாம்பழ கேக் படத்துக்கு `#krishnagirimango` போடத் தோன்றும். அந்த டேகுக்குள் போகிறவர் பெட்டி பெட்டியாக மாம்பழம் வாங்க வந்தவர். `#mangocakekrishnagiri` என்று முழுதாக எழுதுங்கள். ஆள் குறைவாக இருந்தாலும் கேக் தேடுபவராக இருப்பார்.

## போடக் கூடாத சொல்

நோட்டில் கடைசியாக இருந்த வரியை நினைவிருக்கிறதா? “அப்பாவுக்கு சுகர், அவருக்கு ஏத்த மாதிரி ஏதாச்சும்?” இதைப் பார்த்ததும் நாட்டுச்சர்க்கரை போட்ட ராகி கேக்குக்கு `#sugarfree` என்று போடலாமா என்று அண்ணி கேட்டார். பல பக்கங்களில் அப்படித்தான் போடுகிறார்கள்.

போடக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாத பொருளைத்தான் சுகர் ஃப்ரீ என்று சொல்லலாம். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரையை அவையும் ஏற்றும். அந்த டேகை நம்பி ஒருவர் தன் அப்பாவுக்கு இரண்டு துண்டு கூடுதலாகக் கொடுத்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பு? ‘நாட்டுச்சர்க்கரை ராகி கேக்’ என்று உள்ளதை எழுதினோம். கேட்டவருக்கும் இது சர்க்கரை நோய்க்கான கேக் இல்லை என்று சொல்லிவிட்டோம்.

முட்டையும் இப்படித்தான். ‘எக்லெஸ்’ என்று தேடி வருபவர்களில் பலருக்கு அது வீட்டு வழக்கம், விரதம், நம்பிக்கை. அதே கிண்ணத்திலும் பீட்டரிலும் முட்டை அடிக்கிறீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். அண்ணி முட்டை இல்லாத கேக்குக்குத் தனிப் பாத்திரம் ஒதுக்கிய பிறகுதான் அந்தச் சொல்லைப் பக்கத்தில் ஏற்றினோம். ராகி கேக்கில் மைதாவும் கலக்கிறீர்கள் என்றால் ‘மைதா இல்லாதது’ பட்டியலிலிருந்து போய்விட வேண்டும்.

## நான்காம் படி: எதை எங்கே வைப்பது

ஹேஷ்டேக் இதில் கடைசி இடம்தான். இன்ஸ்டாகிராம் தேடல் பக்கத்தின் பயனர்பெயர், பெயர், அறிமுக வரி, பதிவின் வாசகம், டேக், இடக்குறிப்பு எல்லாவற்றையும் பார்க்கிறது. இவற்றில் பலரும் வீணாக்குவது `Name` என்ற கட்டம். அண்ணியின் பயனர்பெயரில் கடைப் பெயர் ஏற்கெனவே இருந்தது. `Name` கட்டத்திலும் அதே பெயரைத் திரும்ப எழுதியிருந்தார். அதை எடுத்துவிட்டு இப்படி வைத்தோம்:

```
Homemade Cakes Krishnagiri | Kaveripattinam
```

இந்தக் கட்டத்தை 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். முதலில் நோட்டில் எழுதி முடிவு செய்துவிட்டுப் பிறகு தட்டுங்கள்.

பதிவின் வாசகத்தில் முதல் வரிதான் மடங்காமல் தெரியும். மலர்ந்த இதயம், நட்சத்திரப் படங்களோடு தொடங்காமல் பொருளையும் ஊரையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். அண்ணியின் ஒரு பதிவு இப்போது இப்படி இருக்கிறது:

```
முட்டை இல்லாத முதல் பிறந்தநாள் கேக், 1 கிலோ. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம்.
Eggless first birthday cake in Krishnagiri.
ஒரு நாள் முன்னாடி சொன்னா போதும், வீட்டுக்கே கொண்டு வந்து தருவோம்.

#krishnagiricakes #homebakerkrishnagiri #egglesscake
#firstbirthdaycake #கிருஷ்ணகிரி
```

ஐந்து டேக். மூன்று முதல் ஐந்து வரை போதும் என்று இன்ஸ்டாகிராமே 2021 இல் இருந்து சொல்லி வருகிறது. ஊரோடு பொருள் சேர்ந்தது இரண்டு, தேவை ஒன்று, நிகழ்வு ஒன்று, தமிழில் ஒன்று என்பது எங்கள் கணக்கு. ஊர் டேக்குகளை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள இரண்டைப் படத்துக்கு ஏற்ப மாற்றுகிறோம். ராகி கேக் படத்துக்கு `#firstbirthdaycake` எதற்கு? புது டேக் ஒன்றைச் சேர்க்கும் முன் அதைத் திறந்து, சமீபத்தில் யார் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பக்கத்து ஊர் பேக்கரிகளும் வாடிக்கையாளர்களும் இருந்தால் நல்ல டேக்.

கூகுள் பிசினஸ் கணக்கில் கடைப் பெயரோடு ‘பெஸ்ட் கேக் கிருஷ்ணகிரி’ என்று ஒட்டவைக்காதீர்கள். நிஜமான கடைப் பெயரைத் தவிர வேறு சொல் சேர்ப்பது அங்கே விதிமீறல், கணக்கையே முடக்கவும் கூடும். அந்தச் சொற்களுக்கு வேறு இடம் இருக்கிறது. வகையை `Cake shop` என்று வையுங்கள். சேவைப் பட்டியலில் ‘முட்டை இல்லாத கேக்’, ‘போட்டோ கேக்’ என்று தனித்தனியாகச் சேருங்கள். வீட்டு முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்றால் அதை மறைத்துவிட்டு, கொண்டுபோய்க் கொடுக்கும் ஊர்களைச் சேவைப் பகுதியாகக் கொடுக்கலாம். 20 ஊர் வரை இடம் உண்டு. தனியாக இருக்கும் பெண்களுக்கு இந்த வசதி பெரிய நிம்மதி.

வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகிலும் பொருளின் பெயரை இதே சொற்களால் எழுதிவிடுங்கள்.

## ஐந்தாம் படி: நான்கு வாரம் விட்டுப் பாருங்கள்

சொற்களை மாற்றிய மறுநாளே எண்ணிக்கை பார்க்க உட்கார வேண்டாம். நான்கு வாரம் கழித்து கூகுள் பிசினஸ் கணக்கில் `Performance` பகுதிக்குப் போனால், எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் கடை தெரிந்தது என்ற பட்டியல் இருக்கும். சின்ன ஊர்களில் பல சொற்களுக்கு எண் வராது, 15க்கும் குறைவு என்றுதான் காட்டும். அதைப் பார்த்துச் சோர்ந்துபோகத் தேவையில்லை. மாதத்துக்குப் பத்துப் பேர் தேடி அதில் இரண்டு பேர் கேக் வாங்கினாலே ஒரு வீட்டு அடுப்புக்கு அது நல்ல வரவு. பட்டியலில் நீங்கள் யோசிக்காத சொல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். எங்களுக்கு `cake home delivery kaveripattinam` என்று ஒன்று வந்தது. ‘ஹோம் டெலிவரி’ என்ற சொல்லை நாங்கள் எங்கேயும் எழுதியிருக்கவே இல்லை.

இதைவிடத் துல்லியமாக அறிய வாடிக்கையாளரிடமே கேட்கலாம். புது ஆள் கூப்பிட்டால் அண்ணி இப்போது, “எங்க பார்த்தீங்க? என்னன்னு போட்டுத் தேடுனீங்க?” என்று கேட்டு, நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறார். லைக்குகளை எண்ணுவதை விட்டுவிட்டார். ஊர்க்காரரிடமிருந்து வரும் மெசேஜ் கூடுகிறதா என்பது மட்டுமே கணக்கு. லைக் ஏறி மெசேஜ் அப்படியே நின்றால் சொற்கள் தப்பான ஆட்களைக் கூட்டி வருகின்றன என்று அர்த்தம். அப்போது டேக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மறுபடி பாருங்கள். மெசேஜ் வந்து ஆர்டராக மாறாமல் போனால் தேடல் சொல்லில் குறையில்லை. விலையையோ கொடுக்கும் நாளையோ பதிவில் தெளிவாகச் சொல்லவில்லை என்று பொருள்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது.

சீசன் சொற்களை முன்கூட்டியே வைக்க வேண்டும். பிளம் கேக்குக்குப் பழம் ஊற வைக்கும்போதே அந்தப் படத்தைப் போட்டு, வாசகத்தில் ‘பிளம் கேக் கிருஷ்ணகிரி’ என்று எழுதிவிட்டால் டிசம்பரில் தேடுபவர் கண்ணில் பட நேரம் கிடைக்கும். அண்ணி சென்ற ஆண்டு டிசம்பர் 20 ஆம் தேதிக்கு மேல்தான் முதல் பிளம் கேக் படம் போட்டார். இந்த ஆண்டு நவம்பர் முதல் வாரத்திலேயே உலர் திராட்சைப் பாட்டிலைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.